விளிம்பில் என்ன நடக்கிறது?

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலோ தாம்பரத்தைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளிலோ முதலாண்டுக் கணிதம் எழுதியவர்களுக்கு இந்த வகைக் கேள்வி பழக்கமானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், முதல் பருவக் கணிதத்தின் இரண்டாவது அலகே தொடர்வரிசைகளும் முடிவிலாத் தொடர்களும்தான். ஒவ்வொரு அலகுக்கும் 16 மதிப்பெண் பெரிய வினா இருந்தது. அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம்:

(x − 2)/(1·3) + (x − 2)²/(2·3²) + (x − 2)³/(3·3³) + …

x-க்கு எந்தெந்த மதிப்புகளைக் கொடுத்தால் இந்தத் தொடர் குவியும்? அதாவது, உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை எப்போது ஒரு குறிப்பிட்ட எண்ணில் போய் நிலைகொள்ளும்?

தயாராக வந்த மாணவி முதலில் ரேஷியோ டெஸ்டைத்தான் கையில் எடுப்பார். ஓர் உறுப்பை அதற்கு முந்தைய உறுப்பால் வகுத்தால், அதன் அளவு |x − 2|/3 × n/(n + 1) என்று வரும். n பெரிதாகப் பெரிதாக n/(n + 1) என்பது 1-ஐ நெருங்கிவிடும். எனவே விகிதத்தின் எல்லை |x − 2|/3. அது 1-க்குக் கீழே இருந்தால் தொடர் குவியும், மேலே இருந்தால் விரியும். ஆக −1 < x < 5. நான்கே வரிகளில் இங்கே வந்து சேர்ந்துவிடலாம்.

விடைத்தாள்களில் பாதை பிரிவது இதற்குப் பிறகுதான். சிலர் இந்த வரியையே விடை என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். சிலர் இரண்டு முனைகளையும் சேர்த்து −1 ≤ x ≤ 5 என்று எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. சரியான விடை −1 ≤ x < 5. இடது முனை உள்ளே, வலது முனை வெளியே. ஒரே தொடர், ஒரே தூரத்தில் இரண்டு முனைகள், அப்படியிருந்தும் இரண்டு விதமான முடிவு. இது எப்படி வருகிறது என்பதுதான் இந்த அத்தியாயம்.

விகிதம் எதை அளக்கிறது?

ரேஷியோ டெஸ்ட் எந்தத் தொடரையும் ஒரே ஒரு தொடரோடுதான் ஒப்பிடுகிறது: 1 + r + r² + r³ + … என்ற பெருக்குத் தொடர். அதில் ஒவ்வோர் உறுப்பும் முந்தையதைப் போல r மடங்கு. r 0-க்கும் 1-க்கும் இடையில் இருந்தால் கூட்டுத்தொகை 1/(1 − r). நம்மிடம் உள்ள தொடரின் விகிதம் 0.8-ஐ நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கட்டத்துக்குப் பிறகு எல்லா விகிதங்களும் 0.9-க்குக் கீழே இருக்கும். அந்தக் கட்டத்திலிருந்து நம் உறுப்புகள், விகிதம் 0.9 உள்ள பெருக்குத் தொடரின் உறுப்புகளுக்குள் அடங்கிவிடும். அந்தப் பெருக்குத் தொடருக்குக் கூட்டுத்தொகை உண்டு என்பதால் நம் தொடருக்கும் உண்டு. குவியும் என்பதற்கான நிரூபணம் இவ்வளவுதான்.

விகிதத்தின் எல்லை 0.8 என்றால், அதற்கும் 1-க்கும் நடுவில் 0.9 போன்ற ஓர் எண்ணை நட்டுவைக்க இடம் இருக்கிறது. எல்லை சரியாக 1 ஆகிவிட்டால் அந்த இடைவெளியே இல்லை. நடுவில் வைக்க எண் இல்லாததால் ஒப்பிடவும் பெருக்குத் தொடர் இல்லை. ஆகவே ரேஷியோ டெஸ்ட் எதுவும் சொல்லாது. ‘குவியும்’ என்றும் சொல்லாது, ‘விரியும்’ என்றும் சொல்லாது.

அந்த மௌனத்துக்குள் எவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதை ரயில் பாதையில் வைத்துப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து சென்னை கடற்கரை நிலையம் சுமார் 29 கிலோமீட்டர். தண்டவாளத்தை ஒட்டி மூன்று பேர் நடக்கிறார்கள். மூவருக்கும் முதல் எட்டு 1 கிலோமீட்டர். முதலாமவரின் ஒவ்வோர் எட்டும் முந்தையதில் பாதி: 1, 1/2, 1/4, 1/8… எத்தனை எட்டு வைத்தாலும் அவரால் 2 கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. சானடோரியம் பக்கத்திலேயே அவர் பயணம் முடிந்துவிடும். இது பெருக்குத் தொடர்.

இரண்டாமவரின் எட்டுகள் 1, 1/2, 1/3, 1/4… மூன்றாமவருடையவை 1, 1/4, 1/9, 1/16… நூறாவது எட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள விகிதம் இரண்டாமவருக்கு 0.990, மூன்றாமவருக்கு 0.980. ஆயிரமாவது எட்டில் 0.999, 0.998. இருவருக்கும் விகிதத்தின் எல்லை 1. ரேஷியோ டெஸ்டின் கண்ணுக்கு இவர்கள் இருவரும் ஒருவரேதான்.

ஆனால் மூன்றாமவர் சுமார் 1.645 கிலோமீட்டரோடு நின்றுவிடுவார். அந்தத் தூரம் துல்லியமாக π²/6 என்று 1734இல் ஆய்லர் கண்டார். இரண்டாமவரோ கடற்கரை நிலையத்தை எட்டியே தீருவார். 1/3 + 1/4 என்பது அரைக் கிலோமீட்டருக்கு மேல். அடுத்த நான்கு எட்டுகள், 1/5 முதல் 1/8 வரை, சேர்ந்தாலும் அரைக்கு மேல். அடுத்த எட்டு உறுப்புகளும் அப்படியே. அடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாகச் சேர்ந்துகொண்டே இருப்பதால் எந்தத் தூரமும் அவருக்கு எட்டாததல்ல. நேரம்தான் ஆகும். பத்து லட்சம் எட்டுகளில் அவர் கடந்திருப்பது 14.4 கிலோமீட்டர், பாதி வழிகூட முழுதாகவில்லை. கடற்கரை நிலையம் போய்ச்சேர ஏறக்குறைய 2.2 லட்சம் கோடி எட்டுகள் வேண்டும். நொடிக்கு ஓர் எட்டு என்றால் எழுபதாயிரம் ஆண்டு. கணக்குப்பொறியில் போட்டுப் பார்த்து ஒரு தொடர் குவிகிறதா என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். பத்து லட்சம் உறுப்புகளைக் கூட்டியவருக்கு இந்தத் தொடர் 14-ஐ ஒட்டி அசையாமல் நிற்பதுபோலவே தெரியும்.

இரண்டு முனைகள், இரண்டு விசாரணைகள்

இப்போது வினாத்தாளுக்குத் திரும்புவோம். அடுக்குத் தொடரில் விகிதத்தின் எல்லை 1 ஆவது சரியாக இரண்டு முனைகளில்தான். ரேஷியோ டெஸ்ட் உள்பகுதியையும் வெளிப்பகுதியையும் தீர்த்துவைத்துவிட்டு, தன்னால் முடியாத அந்த இரண்டு புள்ளிகளை நம்மிடம் விட்டுப்போகிறது. அவற்றை ஒவ்வொன்றாக நேரடியாகப் பிரதியிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

x = 5 என்று வைத்தால் x − 2 = 3. தொகுதியிலும் பகுதியிலும் உள்ள 3ⁿ அடிபட்டு, தொடர் 1 + 1/2 + 1/3 + … ஆகிறது. நம் இரண்டாம் நடைக்காரர். விரியும்.

x = −1 என்று வைத்தால் x − 2 = −3. தொடர் −1 + 1/2 − 1/3 + 1/4 − … ஆகிறது. குறிகள் மாறி மாறி வருகின்றன, உறுப்புகளின் அளவு குறைந்துகொண்டே போய் 0-ஐ நெருங்குகிறது. லைப்னிட்ஸ் சோதனை கேட்பது இந்த மூன்றையும்தான். கூட்டிக்கொண்டே போகும்போது கிடைக்கும் தொகை இடமும் வலமுமாக ஊசலாடுகிறது. ஒவ்வோர் ஊசலும் முந்தையதைவிடச் சிறியது. ஊசலின் வீச்சு கடைசியில் இல்லாமலே போகிறது. ஆகவே தொடர் குவியும்.

பகுதியில் இருக்கும் அந்த ஒற்றை n-தான் இத்தனைக்கும் காரணம். அது இல்லாமல் (x − 2)ⁿ/3ⁿ என்று மட்டும் இருந்தால், முனைகளில் உறுப்புகள் 1, 1, 1 என்றோ −1, 1, −1 என்றோ வரும். இரண்டு முனையும் வெளியே. n-க்குப் பதில் n² இருந்தால் இரண்டு முனையும் உள்ளே. ரேஷியோ டெஸ்டின் வரியோ மூன்றுக்கும் ஒன்றேதான்: −1 < x < 5. அந்த வரியில் நிறுத்திக்கொண்ட மாணவர் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு ஒரே விடை எழுதியதாக ஆகிவிடுகிறது.

முனையில் செய்யும் இன்னொரு பிழை, கையில் கிடைத்த சோதனையை உடனே நீட்டுவது. n! xⁿ/nⁿ என்ற தொடரைப் பாருங்கள். விகிதம் |x| × (n/(n + 1))ⁿ. அதன் எல்லை |x|/e. எனவே −e < x < e வரை சிக்கல் இல்லை. x = −e என்ற முனையில் குறிகள் மாறி மாறி வருவதைப் பார்த்தவுடன் ‘லைப்னிட்ஸ் சோதனைப்படி குவியும்’ என்று எழுதத் தோன்றும். உறுப்புகள் குறைகின்றனவா என்று ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் போதும். முதல் மூன்று உறுப்புகளின் அளவு 2.72, 3.69, 4.46. அவை வளர்கின்றன! x = e-யில் விகிதம் e/(1 + 1/n)ⁿ. கீழே இருப்பது எப்போதும் e-ஐவிடச் சற்றே சிறியது என்பதால் விகிதம் எப்போதும் 1-க்கு மேலேயே இருக்கிறது. எல்லை 1 என்றாலும், மேலிருந்து இறங்கி 1-ஐ நெருங்குகிறது. வளரும் உறுப்புகள் 0-க்குப் போகாது. 0-க்குப் போகாத உறுப்புகளை உடைய தொடர் குவியாது. இரண்டு முனையும் வெளியே. முனைக்கு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உறுப்பு 0-க்குப் போகிறதா? இல்லையென்றால் வேறு எந்தச் சோதனைக்கும் வேலையில்லை.

தொகையிட்டால் முனை மாறும்

அடுக்குத் தொடரின் பெரிய வசதி, அதை உறுப்பு உறுப்பாகத் தொகையிடலாம், வகையிடலாம் என்பது. அப்படிச் செய்தாலும் குவியும் ஆரம் மாறாது. ஆனால் முனைகள் மாறலாம். ‘ஆரம் மாறாது’ என்பதை ‘இடைவெளி மாறாது’ என்று நினைத்துக்கொள்வதால் தேர்வில் மதிப்பெண் போகிறது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1 − t² + t⁴ − t⁶ + … என்ற தொடர். |t| < 1 வரை இதன் கூட்டுத்தொகை 1/(1 + t²). t = 1-இல் தொடர் 1 − 1 + 1 − 1 + … ஆகிறது; தொகை 1, 0, 1, 0 என்று மாறிக்கொண்டே இருப்பதால் குவியாது. அதே புள்ளியில் 1/(1 + t²)-இன் மதிப்பு 1/2. அங்கே அந்தச் சார்புக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு தொடர் ஏன் அங்கே நிற்கிறது? காரணம் எண்கோட்டுக்கு வெளியே இருக்கிறது. t² = −1 ஆகும் i என்ற கலப்பெண்ணில் பகுதி 0 ஆகிறது; 0-இலிருந்து i இருக்கும் தூரம் 1. எந்தத் திசையில் இடர் இருந்தாலும், அதுவரை உள்ள தூரமே எல்லாத் திசைக்கும் ஆரம்.

இந்தத் தொடரை 0-இலிருந்து x வரை தொகையிட்டால் x − x³/3 + x⁵/5 − x⁷/7 + … கிடைக்கும். இது x-இன் நேர்மாறு டேன்ஜென்ட். ஆரம் அதே 1. ஆனால் பகுதியில் இப்போது ஒற்றைப்படை எண்கள் வந்துவிட்டன. x = 1-இல் கிடைப்பது 1 − 1/3 + 1/5 − 1/7 + …; லைப்னிட்ஸ் சோதனையின் மூன்று நிபந்தனைகளும் பொருந்துகின்றன. விலகி நின்ற முனை, தொகையிட்டதும் உள்ளே வந்துவிட்டது. கூட்டுத்தொகை π/4.

லைப்னிட்ஸ் இதைக் கண்ட 17ஆம் நூற்றாண்டுக்கு முன்பே கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவன் இதை அறிந்திருந்தார். அவர் காலம் ஏறத்தாழ 1340 முதல் 1425 வரை. அவர் வழிவந்த ஜேஷ்டதேவர் 16ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் இதன் நிரூபணம் இருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு இதை விரிவாக எடுத்துச் சொன்னவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் பணியாற்றிய சார்லஸ் விஷ். அவர் கட்டுரை 1834இல் அச்சானது.

முனையில் குவிவது என்பது எவ்வளவு சிரமப்பட்டுக் குவிவது என்பதை மாதவன் நன்றாகவே உணர்ந்திருந்தார். தொடரை நான்கால் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள்: 4, 2.667, 3.467, 2.895, 3.340… ஐம்பது உறுப்புகள் முடிந்த பிறகும் கிடைப்பது 3.12159தான், இரண்டாம் தசம இடமே தவறு. n உறுப்புகளுக்குப் பிறகு π-இல் எஞ்சும் பிழை சுமார் 1/n. பத்து தசம இடங்கள் வேண்டுமென்றால் ஆயிரம் கோடி உறுப்புகள் தேவை.

மாதவன் மரபு இதற்கு இரண்டு வழிகள் கண்டது. ஒன்று, முனையை விட்டு உள்ளே நகர்வது. x = 1/√3 என்று எடுத்தால் அதன் நேர்மாறு டேன்ஜென்ட் π/6; தொடரை 6-ஆல் பெருக்கினால் π. இப்போது ஒவ்வோர் உறுப்பும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்குகிறது. 21 உறுப்புகளிலேயே பிழை பத்தாயிரம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. விகிதம் 1-க்குக் கீழே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு வேகம்.

மற்றொன்று, முனையிலேயே நின்றுகொண்டு மிச்சத்தைக் கணக்கிடுவது. n உறுப்புகளில் நிறுத்திவிட்டு, அடுத்து வரவேண்டிய உறுப்பின் குறியோடு n/(4n² + 1) என்ற திருத்தத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். n = 50 என்றால் திருத்தம் 50/10001. நான்கால் பெருக்கி 3.1215946526-உடன் கூட்டினால் 3.1415926528 வருகிறது. உண்மையான π 3.1415926536. அதே ஐம்பது உறுப்புகள்தான். ஆனால் இப்போது எட்டு தசம இடங்கள் சரியாக இருக்கின்றன. மாறுகுறித் தொடரில் பிழை அடுத்த உறுப்புக்குள் அடங்கும் என்பது பாடநூல் விதி. அந்தப் பிழை ஏறக்குறைய அடுத்த உறுப்பில் பாதி என்பதைக் கண்டுகொண்டு, அதற்கும் மேலே நுட்பமாகச் சென்றது இந்தத் திருத்தம்.

சார்பை வைத்து முனையைத் தீர்ப்பிடலாமா?

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. முனைக்கு உள்ளே தொடரின் கூட்டுத்தொகை ஒரு சார்பாக நமக்குத் தெரியும். நம் தேர்வுக் கணக்கில் அது ln 3 − ln(5 − x). x 5-ஐ நெருங்கினால் அது எல்லையின்றி வளர்கிறது. தொடரும் அங்கே விரிகிறது. x −1-ஐ நெருங்கினால் −ln 2. தொடரும் அங்கே குவிகிறது. ஆக, சார்பின் போக்கைப் பார்த்தே முனையைத் தீர்ப்பிட்டுவிடலாமா?

பாதி வழி வரை முடியும். முனையில் தொடர் குவிந்தால், அதன் கூட்டுத்தொகை உள்ளிருந்து நெருங்கும் சார்பின் எல்லையேதான் என்று 1826இல் ஏபல் நிறுவினார். 1 − 1/3 + 1/5 − … சரியாக π/4 என்று நாம் துணிந்து எழுதுவது இந்தத் தேற்றத்தின் பலத்தில்தான். மறுதலை உண்மையல்ல: 1/(1 + t²) முனையில் 1/2-ஐ அமைதியாக நெருங்குகிறது, தொடரோ குவிவதில்லை. மறுதலை எப்போது செல்லும் என்பதற்கு 1897இல் டாபர் ஒரு நிபந்தனை கொடுத்தார்: n-ஆவது கெழுவை n-ஆல் பெருக்கினால் அது 0-க்குப் போக வேண்டும். 1911இல் லிட்டில்வுட் அதைத் தளர்த்தினார். 0-க்குப் போக வேண்டியதில்லை, ஓர் அளவுக்குள் அடங்கியிருந்தாலே போதும்.

நம் கணக்கு சரியாக இந்த இடைவெளியில் விழுகிறது. இடது முனையில் உறுப்புகள் ±1/n. n-ஆல் பெருக்கினால் ±1. அது 0-க்குப் போகவில்லை, ஆகவே டாபரின் நிபந்தனை உதவாது. ஆனால் 1-க்குள் அடங்கியிருக்கிறது. லிட்டில்வுட்டின் நிபந்தனை பொருந்துகிறது. சார்பு −ln 2-ஐ நெருங்குகிறது என்பதிலிருந்தே அந்த முனையில் தொடர் குவியும் என்று சொல்லிவிடலாம். 1 − 1 + 1 − … தொடரில் கெழுக்களை n-ஆல் பெருக்கினால் அவை எல்லையின்றி வளர்கின்றன. தேற்றம் அங்கே பொருந்தாமல் போவதும் நியாயமே.

கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்று திரும்பி, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கே. ஆனந்த ராவ், ஏபல் தேற்றத்தின் இந்த மறுதலையை அடுக்குத் தொடருக்கு அப்பால் டிரிக்லே தொடர்களுக்கும் விரித்தார். தென்னார்க்காட்டிலிருந்து வந்து அவரிடம் படித்த டி. விஜயராகவனும் இதே வகைத் தேற்றங்களில் உழைத்தவர். முனையில் உள்ள அந்த ஒரு புள்ளியைப் பற்றி உள்ளே இருக்கும் சார்பு எவ்வளவு சொல்லும், எந்த நிபந்தனைக்குப் பிறகு அதை நம்பலாம் என்பதுதான் இவர்கள் இருவருமே கேட்ட கேள்வி. தேர்வுத் தாளில் −1 < x < 5 என்ற வரிக்குக் கீழே, x = 5 என்றும் x = −1 என்றும் பிரதியிட்டு எழுதப்படும் சில வரிகள் கேட்பதும் அதே கேள்வியைத்தான்.